காலாண்டுக் கூட்டத்தில் கணக்கு பேசும் முறை

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஓர் ஆலையின் அலுவலர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். கொள்முதல் அலுவலர், ஆலை மேற்பார்வையாளர், விற்பனை அலுவலர், களஞ்சியப் பொறுப்பாளர், முகாமையாளர் ஆகியோருடன் கணக்காளரும் அங்கே இருக்கிறார். கணக்கியல் பயின்றவர் அவர் ஒருவரே. மற்றையோர் தத்தம் தொழிலில் வல்லவர்கள். ஆயினும் எண்கள் நிறைந்த தாளைக் கண்டதும் தம் பகுதிக்குரிய வரியை மட்டும் தேடுவார்கள். அவ்வரியின் அருகே ‘சாதகம்’ என்றிருந்தால் மகிழ்வார்கள். ‘பாதகம்’ என்றிருந்தால் தம்மைக் காத்துக்கொள்ள முற்படுவார்கள். நடந்தது யாது என்ற கேள்வி மேசைக்கு வராமலே கூட்டம் கலைந்துவிடும்.

ஆகவே, கணக்காளர் தாம் பேசப்போவதை முன்னரே எழுதி வைத்துக்கொள்வது நன்று. அவ்வுரை எவ்வாறு அமையவேண்டும் என்பதை, நேயர்களே, ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இன்று விளக்க விரும்புகிறேன். நமது தென்னை முக்கோணத்தில் எங்கேனும் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக விளங்கும் பொருட்டு நானே தெரிந்தெடுத்த எண்களை இங்கே கூறுகிறேன். அவை எந்த ஆலையினதும் உண்மைக் கணக்கு அல்ல. காலாண்டு, டிசெம்பர் 31 அன்று முடிந்த மழைக்காலக் காலாண்டு.

முதலில் தொழிலைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். உடைத்த தேங்காயின் பருப்பில் ஏறத்தாழப் பாதி நீர். அதனைச் சூளையில் சிரட்டைத் தீயின் மேலும் வெயிலிலும் உலர்த்திக் கொப்பறா ஆக்குகிறார்கள். நன்கு உலர்ந்த கொப்பறாவில் நூற்றுக்கு 6 பங்கு நீர் எஞ்சியிருக்கும். ஆலையில் அதனை நொறுக்கி, சூடாக்கும் கலத்திலிட்டு, மிகுதி நீரை ஆவியாக்கியபின் பிழியும் பொறிக்குள் செலுத்துகிறார்கள். எண்ணெய் ஒரு புறமும் புண்ணாக்கு மறுபுறமும் வெளிவரும். நமது ஆலையில் 1 கிலோ எண்ணெய்க்கு 1.6 கிலோ கொப்பறா போதும் என்பது வகுத்துவைத்த நியமம். கொப்பறாவின் நியம விலை கிலோ 400 ரூபா.

இக்காலாண்டுக்குத் திட்டமிட்ட உற்பத்தி 50,000 கிலோ எண்ணெய். அதற்கு வேண்டிய கொப்பறா 80,000 கிலோ. அதன் கிரயம் 320 இலட்சம் ரூபா. உண்மையிற் செலவானதோ 290 இலட்சத்து 70 ஆயிரம். திட்டத்துக்கும் நிகழ்ந்ததற்கும் உள்ள இவ்வேறுபாட்டையே கணக்கியலில் ‘முரண்’ என்கிறோம். இது ஏதோ பிணக்கைக் குறிக்கும் சொல் என்று எண்ணிவிடுதல் ஆகாது. ‘எதிர்பார்த்ததிலிருந்து இவ்வளவு விலகியது’ என்பதே அதன் பொருள். கணக்காளர் தம் உரையில் இச்சொல்லை ஒருமுறை இவ்விதம் விளக்கிவிட்டால், பின்னர் அச்சம் இல்லை.

இவ்விரு தொகைகளையும் அருகருகே எழுதிக் காட்டினால், 29 இலட்சத்து 30 ஆயிரம் ரூபா மிச்சம் என்று எவரும் சொல்வர். கூட்டத்தில் முதலிற் கேட்ட எண்ணே மனத்தில் நிற்கும். பின்னர் எத்தனை விளக்கம் தந்தாலும் அதனை அகற்றுதல் அரிது. ஆகவே கணக்காளர் அத்தொகையைக் கொண்டு தொடங்கலாகாது. உற்பத்தியைக் கொண்டு தொடங்கவேண்டும். அவர் உரை பின்வருமாறு அமையலாம்:

“நண்பர்களே, நாம் 50,000 கிலோ எண்ணெய் எடுப்பதாகத் திட்டமிட்டோம். எடுத்தது 45,000 கிலோ. ஆகையால் 50,000 கிலோவுக்கு ஒதுக்கிய பணத்தோடு நமது செலவை ஒப்பிடுவது பொருந்தாது. ஐம்பது பேருக்குச் சோறு சமைப்பதாக இருந்து நாற்பத்தைந்து பேருக்குச் சமைத்தவர், அரிசி மிஞ்சியதென்று பெருமைப்பட இயலுமா? நாற்பத்தைந்து பேருக்கு எவ்வளவு அரிசி தேவை என்பதல்லவா கேள்வி? நாம் எடுத்த 45,000 கிலோ எண்ணெய்க்கு நியமப்படி 72,000 கிலோ கொப்பறா போதும். கிலோ 400 ரூபா வீதம் அதன் கிரயம் 288 இலட்சம். நாம் செலவிட்டது 290 இலட்சத்து 70 ஆயிரம். ஆகவே, 2 இலட்சத்து 70 ஆயிரம் ரூபா கூடுதலாகச் செலவாகியிருக்கிறது.”

இவ்விடத்தில் அவர் சிறிது நிறுத்தவேண்டும். 29 இலட்ச மிச்சமாகத் தோன்றியது, உற்பத்தியைச் சரிசெய்து பார்த்தவுடன் 3 இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மிகைச் செலவாக மாறிவிட்டது. இதனைக் கேட்டோர் உள்ளத்தில் நிலைபெறச் செய்தபின்பே அடுத்த படிக்குச் செல்லலாம்.

அடுத்த படி, அந்த 2 இலட்சத்து 70 ஆயிரத்தைப் பிரித்துப் பார்ப்பது. மூலப்பொருளின் செலவு இரண்டு காரணங்களால் விலகக்கூடும்: ஒன்று, வாங்கிய விலை, மற்றொன்று, பயன்படுத்திய அளவு. நமது ஆலை இக்காலாண்டில் 76,500 கிலோ கொப்பறாவைக் கிலோ 380 ரூபா வீதம் வாங்கிப் பிழிந்தது. கிலோவுக்கு 20 ரூபா மலிவு. 76,500ஐ 20ஆற் பெருக்க, 15 இலட்சத்து 30 ஆயிரம் ரூபா சாதகமான விலை முரண். ஆனால் 72,000 கிலோ போதுமாக இருந்தவிடத்து 76,500 கிலோ செலவாயிற்று. மிகையான 4,500 கிலோவை நியம விலையாகிய 400ஆற் பெருக்க, 18 இலட்சம் ரூபா பாதகமான பாவனை முரண். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் முன்கூறிய 2 இலட்சத்து 70 ஆயிரம் வரும்.

பல கூட்டங்களில் கணக்காளரின் உரை இங்கே முடிந்துவிடுகிறது. அதன் விளைவு யாது? கொள்முதல் அலுவலர் 15 இலட்சம் மீட்டுத் தந்தவர் என்று பாராட்டப்படுவார். ஆலை மேற்பார்வையாளர் 18 இலட்சம் இழந்தவர் என்று கேள்விக்குள்ளாவார். தொழிலாளரின் ஊக்கப்பணம் நிறுத்தப்படலாம். பிழியும் பொறி தேய்ந்துவிட்டதென்று கருதிப் பெரும் பணம் செலவிட்டு அதனைக் கழற்றிப் பழுதுபார்க்கவும் கூடும். இரு முரண்களும் தனித்தனியே இரு மனிதர்களின் செயல்கள் என்று கொள்வதால் வரும் வினை இது. உண்மையில் ஒன்று மற்றொன்றைப் பிறப்பித்திருக்கலாம். அவ்வாறு நேர்ந்ததா என்பதை ஊகத்தால் முடிவுசெய்ய வேண்டியதில்லை. ஆலையின் நிறைப் புத்தகமே அதற்கு விடை தரும்.

மிகையாகச் செலவான 4,500 கிலோ எங்கே போயிற்று? பொறி தேய்ந்திருந்தால், பிழிபடாத எண்ணெய் புண்ணாக்கிலே தங்கியிருக்கும். புண்ணாக்கின் நிறை அந்த அளவுக்கு ஏறியிருக்கும். 45,000 கிலோ எண்ணெய் எடுக்கும்போது வழக்கமாக 24,000 கிலோ புண்ணாக்கும், ஆவியாகப் போகும் 3,000 கிலோ குறைவும் காணப்படும். மூன்றும் சேர்ந்து 72,000 ஆகும். இக்காலாண்டில் உள்ளே சென்றது 76,500 கிலோ. வெளிவந்த எண்ணெய் 45,000. புண்ணாக்கு அதே 24,000. எஞ்சிய 7,500 கிலோ ஆவியாகப் போயிற்று. 3,000 கிலோ போகவேண்டிய இடத்தில் 7,500 கிலோ. ஆகவே மிகையான 4,500 கிலோவும் நீரே. பொறி தன் கடமையைச் செய்திருக்கிறது. அதனுள் இட்ட பொருளே ஈரமாயிருந்தது.

இதனைக் கூட்டத்தில் எடுத்துரைக்கும்போது கணக்காளர் இவ்விதம் சொல்லலாம்:

“நாம் கொப்பறாவை நிறுத்து வாங்குகிறோம், ஆனால் நமக்கு வேண்டியது அதிலுள்ள எண்ணெய். நன்கு உலர்ந்ததாயின் ஒரு கிலோ எண்ணெய்க்கு 1.6 கிலோ போதும். 400 ரூபா வீதம் அதற்கு 640 ரூபா. இம்முறை 1.7 கிலோ தேவைப்பட்டது. 380 ரூபா வீதம் அதற்கு 646 ரூபா. மலிவாக வாங்கியதாக எண்ணினோம். ஒவ்வொரு கிலோ எண்ணெய்க்கும் 6 ரூபா கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம். 45,000 கிலோவுக்கு 6 ரூபா வீதம், அதே 2 இலட்சத்து 70 ஆயிரம்.”

பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவருக்கும் இது விளங்கும். ‘சாதகமான விலை முரண்’ என்னும் தொடரைக் காட்டிலும், ‘640 ரூபாவுக்குப் பதிலாக 646 ரூபா’ என்ற வாசகம் விற்பனை அலுவலருக்கும் களஞ்சியப் பொறுப்பாளருக்கும் எளிதிற் புலப்படும். ஆகையால் மொத்தத் தொகையைச் சொன்னபின், அதனைக் கேட்போர் நாள்தோறும் கையாளும் ஓர் அலகுக்கு, ஒரு கிலோவுக்கோ ஒரு பீப்பாவுக்கோ, மாற்றிச் சொல்வதைக் கணக்காளர் வழக்கமாகக் கொள்ளவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. விலை முரணையும் பாவனை முரணையும் பிரிக்கும் எல்லைக்கோடு மனிதர் வகுத்துக்கொண்ட வழக்கமே. மிகையாகச் செலவான 4,500 கிலோவும் மலிவு விலைக்கே வாங்கப்பட்டது. அந்த 4,500 கிலோவின் மேல் கிடைத்த 20 ரூபா வீதமான மலிவை, அதாவது 90,000 ரூபாவை, விலையின் பக்கம் சேர்ப்பதா பாவனையின் பக்கம் சேர்ப்பதா என்பதில் வேறு வழக்கத்தைப் பின்பற்றுவோர் வேறு எண்ணைப் பெறுவர். மொத்தம் மாறாது. எனவே பிரித்த எண்கள் ஒவ்வொன்றையும் ஒரு மனிதனின் கடன் பத்திரம் போல அவன் தலையிற் கட்டுதல் முறையன்று.

இனி விகிதங்களுக்கு வருவோம். முரண் என்பது திட்டத்தோடு ஒப்பிடுவது; விகிதம் என்பது ஆலையின் ஒரு தொகையை அதன் மற்றொரு தொகையோடு ஒப்பிடுவது. விகிதங்கள் பலவாயினும், கூட்டத்தில் அவை எல்லாவற்றையும் அடுக்குதல் வேண்டா. இக்காலாண்டில் நடந்ததை விளக்கும் இரண்டு விகிதங்கள் போதும்.

முதலாவது நடைமுறை விகிதம். ஓராண்டுக்குள் பணமாகக்கூடிய சொத்துக்களை, ஓராண்டுக்குள் தீர்க்கவேண்டிய கடன்களால் வகுத்து இது பெறப்படுகிறது. செப்டெம்பர் இறுதியில் ஆலையிடம் காசு 40 இலட்சம், வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டியது 80 இலட்சம், சரக்கிருப்பு 60 இலட்சம், ஆக 180 இலட்சம் இருந்தது. கொடுக்கவேண்டியது 120 இலட்சம். விகிதம் 1.5. டிசெம்பர் இறுதியில் காசு 10 இலட்சம், வரவேண்டியது 55 இலட்சம், சரக்கிருப்பு 135 இலட்சம், ஆக 200 இலட்சம். கொடுக்கவேண்டியது 100 இலட்சம். விகிதம் 2.

ஒன்றரை இரண்டாகிவிட்டது. பாடநூல்களில் 2 என்பது நல்ல நிலையின் அடையாளமாகக் கூறப்படுவதுண்டு. ஆகவே ஆலை வலுப்பெற்றிருக்கிறது என்று முகாமையாளர் மகிழக்கூடும். ஆனால் அந்த 200 இலட்சத்தில் 135 இலட்சம் களஞ்சியத்திலே கிடக்கிறது. அதனை விலக்கிவிட்டுக் காசையும் வரவேண்டிய பணத்தையும் மட்டும் கொண்டு வகுப்பதே விரைவு விகிதம். செப்டெம்பரில் 120 இலட்சத்தை 120 இலட்சத்தால் வகுக்க, விகிதம் 1. டிசெம்பரில் 65 இலட்சத்தை 100 இலட்சத்தால் வகுக்க, விகிதம் 0.65. கணக்காளர் இதனை எண்ணாகச் சொல்லாமல் இவ்விதம் சொல்லலாம்:

“மூன்று மாதங்களுக்கு முன் நாம் கொடுக்கவேண்டிய ஒவ்வொரு ரூபாவுக்கும் ஈடாக ஒரு ரூபா காசாகவோ வரவேண்டிய பணமாகவோ இருந்தது. இன்று 65 சதமே இருக்கிறது. மிகுதி 35 சதமும் தாங்கியிலுள்ள எண்ணெய் விற்றாலன்றி வராது.”

எண்ணெய் ஏன் தேங்கிற்று? இங்கேதான் முரணும் விகிதமும் ஒரே கதையின் இரு பகுதிகளாகின்றன. ஈரக் கொப்பறாவை நெடுநாள் வைத்திருத்தல் இயலாது, பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே வாங்கியதை வாங்கியவுடன் பிழிந்து தீர்க்கவேண்டியிருந்தது. விற்பனையான எண்ணெய் 36,000 கிலோ மட்டுமே. பிழிந்ததோ 45,000 கிலோ. பூஞ்சணம் பற்றிய கொப்பறாவிலிருந்து பெறும் எண்ணெயில் கொழுப்பமிலம் மிகும், நிறம் மஞ்சளிக்கும், வாடையும் ஏறும். எண்ணெயின் நிறத்தைக் குறித்து வாங்குவோர் முறையிட்டார்கள் என்று விற்பனை அலுவலர் கூட்டத்திற் கூறினால், அவரது சொல்லும் கணக்காளரின் எண்ணும் ஓரிடத்திற் சந்திக்கின்றன. விற்கப்படாத 9,000 கிலோ எண்ணெயில் மட்டும் ஏறத்தாழ 61 இலட்சம் ரூபா முடங்கிக்கிடக்கிறது. மற்றொரு விதமாகக் கூறுவதாயின், முன்னைய காலாண்டில் களஞ்சியத்திலிருந்தது 18 நாள் விற்பனைக்குரிய சரக்கு. இப்பொழுது 50 நாள் விற்பனைக்குரிய சரக்கு. மழைநாளில் கிலோவுக்கு 20 ரூபா மலிவாக வாங்கிய அந்தக் கொப்பறாதான், விலை முரணிலும் பாவனை முரணிலும் விரைவு விகிதத்திலும் வெவ்வேறு உருவில் தோன்றுகிறது.

விகிதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது ஒரு நாளின் நிலையை மட்டுமே காட்டும். இதே எண்கள் மார்ச் 31 அன்று காணப்பட்டிருந்தால் பொருள் வேறாகலாம். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் வீடுதோறும் பலகாரம் சுடுவார்கள். எண்ணெய் விற்பனை ஏறும். அதனை எதிர்நோக்கிச் சேர்த்துவைத்த எண்ணெய் இரண்டு வாரத்தில் காசாகிவிடும். ஆகவே சரக்கிருப்பு ஏறியதைக் கண்டவுடன் குறை கூறாமல், ‘இதற்கு வாங்குவோரின் கட்டளைகள் கையில் உண்டா?’ என்று விற்பனை அலுவலரை முதலிற் கேட்கவேண்டும். நமது எடுத்துக்காட்டில் கட்டளைகள் இல்லை, முறைப்பாடுகளே உள்ளன.

உரையின் இறுதியில் கணக்காளர் தீர்ப்பு வழங்கலாகாது. கொள்முதல் அலுவலரை விலை முரண் ஒன்றினால் மட்டும் மதிப்பிடுவதாக ஆலை விதித்திருந்தால், அவர் விலையைக் குறைத்தே வாங்குவார். அவர் செய்ததும் அதுவே. குறை அவரை அளந்த அளவுகோலில் இருக்கிறது. நியமத்தையும் ஆராயவேண்டும். 1.6 கிலோ என்பது வெயில்மாதக் கொப்பறாவைக் கொண்டு வகுத்ததாயின், மழைமாதங்களில் அதே அளவை எதிர்பார்ப்பது நியாயமா என்று மேற்பார்வையாளர் கேட்கலாம், அக்கேள்விக்கு இடமளிக்கவேண்டும்.

முடிவாகக் கூட்டத்தின் முன் வைக்கவேண்டியது ஒரு கேள்வியே: அடுத்த முறை வாயிலில் வந்து நிற்கும் கொப்பறாவுக்கு என்ன விலை கொடுப்பது? இதற்கு வேண்டிய சோதனை எளியது. மூட்டைகள் சிலவற்றிலிருந்து எடுத்த துண்டுகளைச் சீவிக் கலந்து, 10 கிராம் நிறுத்து, 105 பாகை வெப்பமுள்ள அடுப்பில் நிறை மேலும் குறையாத வரை உலர்த்தவேண்டும். 0.6 கிராம் குறைந்தால் ஈரம் நூற்றுக்கு 6. நியம விலையைக் கொடுக்கலாம். 1.15 கிராம் குறைந்தால் ஈரம் நூற்றுக்கு 11.5, ஈரம் போக எஞ்சும் பொருளுக்கு ஏற்றபடி கணக்கிட்டால் விலை 376 ரூபா 50 சதம் அளவே ஆகும். நமது ஆலை கொடுத்தது 380 ரூபா. கிலோவுக்கு மூன்றரை ரூபா வீதம் 76,500 கிலோவுக்குக் கணக்கிட்டால், நாம் தேடிய 2 இலட்சத்து 70 ஆயிரம் ஏறக்குறைய அப்படியே கிடைத்துவிடும். எண்ணெயின் நிறம் கெட்டதனால் வந்த இழப்பு இதற்குப் புறம்பானது. பூஞ்சணம் பற்றியதை எவ்விலைக்கும் வாங்காதிருத்தலே அதற்குப் பரிகாரம்.

ஈரத்துக்கேற்ப விலை வகுத்த ஓர் அட்டையை வாயிலில் தொங்கவிடுவதெனக் கூட்டம் தீர்மானித்தால், அதன் பயன் ஆலைக்கு மட்டும் உரியதன்று. சிரட்டை எரித்துப் பொறுமையோடு உலர்த்திக் கொண்டுவரும் சிறு தோட்டக்காரரும், அரைகுறையாக உலர்த்தி நிறையேற்றிக் கொண்டுவருபவரும் இதுவரை ஒரே விலை பெற்றார்கள். இனி முன்னவர் தம் உழைப்புக்குரிய விலையைப் பெறுவார். அட்டையை எழுதுபவர் யார், அடுப்பும் தராசும் எந்தத் திகதிக்குள் வாயிலுக்கு வரும் என்ற இரண்டையும் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டு, கணக்காளர் தம் தாளை மடிக்கலாம்.